புதிய கணக்கா? பழைய எண்ணுக்கு அழையுங்கள்

"கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். பல வருடமாக டின் தருபவர், இனிப் புதிய வங்கிக் கணக்கில் பணம் போடும்படி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். விசாரித்தால் கோபித்துக்கொள்வாரோ?"

அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக் கேட்காதீர்கள் அண்ணா. அவருடைய அஞ்சல் பெட்டிக்குள் வேறு யாரேனும் புகுந்திருந்தால், "ஆமாம், சரிதான்" என்ற பதிலும் அதே முகவரியிலிருந்துதான் வரும். அதில் கொடுத்திருக்கும் கைபேசி எண்ணும் வேண்டாம். போன சீசன் பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு அழையுங்கள்.

"கணக்கு மாறினால், யாராக இருந்தாலும் போனில் பேசிக் குறித்துக்கொள்வது எங்கள் கணக்காளரின் வழக்கம். கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லுங்கள்" என்றால் போதும். எண்ணை நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். அவர் வாயிலிருந்து வரட்டும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது, அவருக்குப் போய்ச் சேர வேண்டிய பணம்தானே!

பிறகு வங்கிப் பக்கம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவாகும். நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர் எதையும் தடுக்காது. ஆனால் 2025 ஏப்ரலுக்குள் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக யாரோ ஒருவரின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால், வந்ததா என்பதையும் அந்தப் பழைய எண்ணிலேயே கேளுங்கள்.