ஆம்புலன்ஸில் எழுதிக் கொடுக்கும் தாளில் என்ன இருக்கும்?

"அப்பா மயங்கி விழுந்து 108-ல் கூட்டிட்டுப் போனோம். வண்டியில் வந்தவர் ஏதோ எழுதி டாக்டரிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில்தான் எல்லாத்தையும் மறுபடி பார்க்கிறாங்களே, அந்தத் தாள் எதுக்கு?"

டெல்டா பக்கம் 108 வண்டியில், நோயாளிக்கு முதலுதவி செய்து கூட வரும் இஎம்டியாக வேலை பார்க்கிறேன். மறுபடி பார்ப்பது உண்மைதான். ஆனால் நாங்கள் மருந்து கொடுத்து அழைத்து வந்த ஆளைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். மருந்துக்கு முன்னால் எப்படி இருந்தார் என்பது அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு கேஸ் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி. திருவையாறு பக்கத்தில் ஒரு கிராமம், ஆடி அமாவாசை. பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது, சுகர் உண்டு. தர்ப்பணம் முடியும் வரை சாப்பிட மாட்டார், ஆனால் மாத்திரையை மட்டும் விடியக்காலையில் வழக்கம்போலப் போட்டுவிட்டார். நாங்கள் போனபோது திண்ணையில் கிடந்தார், சட்டையெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் முனகல்தான், வலது கை தொங்கிப்போயிருந்தது. "பக்கவாதம்தான் தம்பி, சீக்கிரம் தூக்குங்க" என்று ஊரே சொன்னது. சுகர் இறங்கினாலும் ஒரு பக்கம் இழுக்கும், அதனால் முதலில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். வீட்டம்மா சர்க்கரையைக் கரைத்து ஊட்டியிருந்தார், பெரியவர் கையெல்லாம் பிசுபிசு. அப்படியே குத்தினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, காயவிட்டு எடுத்தோம். 34.

தாளில் எழுதியது இவ்வளவுதான்:

10.05 – கூப்பிட்டால் முனகல், வேர்வை, வலது கை பலவீனம். நாடி 104, பிபி 150/90, ஆக்சிஜன் 97. சுகர் 34 (கை துடைத்தபின்).
கடைசியாக நல்லாப் பேசியது 9.15 – மினி பஸ், வீட்டார் சொன்னது.
வீட்டில் 9.50-க்கு வாயில் சர்க்கரைத் தண்ணீர், புரையேறவில்லை என்கிறார்கள்.
10.12 – இடது கையில் ஊசி வழி, 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. 10.20-க்கு முடிந்தது. கை வீங்கவில்லை.
10.32 – சுகர் 148. பேர் சொல்கிறார், வலது கை தூக்குகிறார்.
ஆஸ்பிரின் கொடுக்கவில்லை.
மாத்திரை: கிளிமிபிரைடு, காலை 5.30. அட்டை கூட வருகிறது.

தஞ்சாவூரில் இறக்கும்போது பெரியவர் தானே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அங்கே எடுத்த சுகரும் நூற்று நாற்பதை ஒட்டித்தான். தாள் இல்லாமல் பார்த்தால் வெறும் மயக்கம், அல்லது வந்து போன பக்கவாதம். டூட்டி டாக்டர் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்துவிட்டு, "அட்மிட்" என்றார். சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு உடம்பில் ஒரு நாள் வரை வேலை செய்யும், கிட்னி சரியில்லை என்றால் இன்னும் நீளும். நாங்கள் ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், அதற்குள் தீர்ந்துவிடும், சுகர் மறுபடி இறங்கும். சாயங்காலம் அப்படித்தான் 58-க்கு வந்து, திரும்ப ட்ரிப் போட்டார்கள். தாளைப் படிக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த 58 வீட்டில் வந்திருக்கும், ராத்திரித் தூக்கத்தில் இன்னும் இறங்கியிருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

'பக்கவாதம்' என்றோ 'லோ சுகர்' என்றோ நாங்கள் எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கண்டதை எழுதினால் டாக்டர் தானே முடிவுக்கு வருவார். நாங்கள் முடிவை எழுதிவிட்டால் அந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். ஆஸ்பிரின் கொடுக்கவில்லை என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. கை இழுத்திருக்கிறது என்றதும் டாக்டர் கேட்கும் கேள்வி அது, ரத்தக்கசிவா இல்லையா என்று ஸ்கேன் பார்க்காமல் அதைக் கொடுக்கக் கூடாது.

மணி விஷயம்தான் ரொம்பப் பாடு. குளுக்கோமீட்டரில் ஒரு கடிகாரம் இருக்கும், பேட்டரி மாற்றினால் எங்கேயோ ஓடிவிடும், அதை நம்பவே கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே போனில் மணி பார்ப்பேன். வீட்டாரைக் கேட்டால் "இப்பத்தான் சார்" என்பார்கள், இப்பத்தான் என்பது பத்து நிமிஷமும் இருக்கும், ரெண்டு மணி நேரமும் இருக்கும். அதனால், கடைசியாக எப்போது நல்லாப் பேசினார் என்றுதான் கேட்பேன். அன்றைக்குக் கிடைத்த பதில், "மினி பஸ் போனப்ப டிரைவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்." அந்த பஸ் 9.15. தாளில் 9.15 என்று மட்டும் போடாமல் 'மினி பஸ், வீட்டார் சொன்னது' என்றும் சேர்த்து எழுதினேன். ஒருவேளை நிஜமாகவே பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கேஷுவாலிட்டியில் கூட்டம் என்றால் தாளை வைத்துவிட்டு வந்தால் போதாது, கேஸ் ஷீட்டுக்கு அடியில் போய்விடும். "வந்தப்ப 34, குளுக்கோஸ் கொடுத்து 148, கிளிமிபிரைடு சாப்பிட்டிருக்கார்" என்று வாயாலும் சொல்லி, வாங்கிக்கொண்டவரிடம் மணியோடு கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்ட்ரெச்சரை எடுப்பேன். அடுத்த தடவை வண்டி வருவதற்குள், அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு வையுங்கள். "மஞ்சள் கலர் சின்ன மாத்திரை" என்றால் எங்களால் ஒன்றும் எழுத முடியாது.