பித்தப்பைக் கல்லுக்கு ஏன் அல்ட்ராசவுண்டு?

கேள்வி: சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொன்னார் டாக்டர். எக்ஸ்ரே போதாதா? எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டாதா?

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் கால்சியம். பித்தக்கற்களில் பெரும்பாலானவை கொலஸ்ட்ராலால் ஆனவை. போதிய கால்சியம் உள்ள சுமார் 10 முதல் 20 சதவீதக் கற்கள்தான் எக்ஸ்ரேயில் தெரியும். படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் கல் இல்லை என்று சொல்லவே முடியாது.

அல்ட்ராசவுண்டில் செல்வது ஒலி அலை. பித்தநீர் அதைத் தடையின்றி விட்டுவிடும். கல் திருப்பி அனுப்பும். எனவே கறுப்பாகத் தெரியும் பைக்குள் கல் வெள்ளையாக மின்னும், அதன் பின்னால் நிழல் விழும். உங்களைப் புரண்டு படுக்கச் சொல்வார்கள்: கல் என்றால் பெரும்பாலும் உருளும், சதைவளர்ச்சி நகராது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும் என்பதால் சுமார் 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு செல்லுங்கள்.

பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்துக்குள் கல் இறங்கியிருந்தால் கதை வேறு. நாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடலிலுள்ள வாயு மறைப்பதால் அங்கே ஒலி அலை தடுமாறுகிறது. கண் மஞ்சளாகி, ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி கூடி, ஸ்கேனில் நாளம் விரிந்து தெரிந்தால், எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. வகையை எழுதுவார்கள். அதில் பித்தநீர் வெள்ளையாகவும் கல் கறுப்பு இடைவெளியாகவும் தெரியும். வலியோடு மஞ்சள்காமாலையும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.