பேச்சின் எழுத்துப்படியை வைத்து நிரப்புச் சொல், வேகம் எண்ணுவது: கேள்வி பதில்

நிறுவனப் பயிற்சித் துறை, கோவை: ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் பற்றி இரண்டு பயிற்சியாளர்கள் ஒரே பாடம் நடத்துகிறார்கள். ஆளுக்கு 10 நிமிடப் பதிவை எழுத்தாக்கிப் பார்த்தோம். முதலாமவர் 1,040 சொல், அதில் "ம்", "அதாவது" என்று பேச்சின் நடுவே சும்மா வந்து விழும் நிரப்புச் சொல் 12. இரண்டாமவர் 880 சொல், நிரப்புச் சொல் 31. ஆனால் ஆட்கள் கவனமாக உட்கார்ந்து கேட்பது இரண்டாமவரைத்தான். எப்படி மேடம்?

அந்த 12-ஐ நம்பாதீங்க. தாள் பார்த்து வாசிக்காமல் பேசுகிற ஒருவர் 10 நிமிடத்தில் 12 தடவைதான் தடுமாறினார் என்றால், எழுத்தாக்கிய மென்பொருள் மீதியை விழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த மாதிரி மென்பொருள்கள் பெரும்பாலும் சுத்தம் செய்த வசன வரிகளைக் கேட்டுப் பழகியவை. அதனால் "ம்", "ஆ" போன்ற குட்டி ஒலிகளைத் தானாகவே விட்டுவிடும். "அதாவது", "பாத்தீங்கன்னா", "என்னன்னா" போன்ற முழுச் சொற்களை எழுதிவிடும். ஆக, "ம்" போடுகிறவர் தாளில் சுத்தமாகத் தெரிவார், "அதாவது" போடுகிறவர் மாட்டிக்கொள்வார்.

சரிபார்ப்பது எளிது. ஒவ்வொருவர் பதிவிலும் நடுவிலிருந்து 2 நிமிடத்தை எடுத்து, காதால் கேட்டு எண்ணுங்க. உங்கள் காதுக்கு 9 கிடைத்து தாளில் 3 இருந்தால், முழுப் பதிவையும் கையால் திருத்தாமல் ஒப்பிடக்கூடாது. மூன்றால் பெருக்கிக்கொள்வதும் தப்பு, ஏனென்றால் இருவருக்கும் விடுபடும் அளவு வேறு. விஸ்பர் என்ற எழுத்தாக்க மென்பொருளைப் பயன்படுத்தினால் தொடக்கக் குறிப்பிலேயே தடுமாற்றங்களை எழுதிக் கொடுங்க. கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், முழுசாகப் பிடிக்காது:

```
whisper paadam1.wav --language ta --initial_prompt "ம்... அது வந்து... ஆ... என்னன்னா..."
```

திருத்திய பிறகு 100 சொல்லுக்கு எத்தனை என்று கணக்கிடுங்க. நிமிடக் கணக்கில் பார்த்தால் வேகமாகப் பேசுகிறவர் மேல் பழி விழும்.

மேடைப் பேச்சுப் பயிற்சியாளர், மதுரை: நிமிடத்துக்கு 150 சொல்தான் சரியான வேகம். இரண்டு பேருமே அதைவிட மெதுவாகத்தானே பேசுகிறார்கள்? விஷயம் அதில் முடிந்துவிட்டதே!

150 என்பது ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் எண், அங்கே அது பொருந்தும். தமிழில் "போகவேண்டியிருந்தது" ஒரே சொல், ஆனால் எட்டு அசை. சேர்த்து எழுதினால் வேகம் குறையும், பிரித்து எழுதினால் கூடும். பேசியவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார். அசையை எண்ணினால் இந்தச் சிக்கல் இல்லை. நம் எழுத்தில் அது சுலபமும்கூட: புள்ளி வைத்த எழுத்துகளையும் ஃ-ஐயும் விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் போதும். இங்கே அசை என்று நான் சொல்வது உயிரொலி எண்ணிக்கை, யாப்பில் வரும் நேர், நிரை அல்ல.

```python
import re
def asai(s):
    return len(re.findall('[அ-ஹ]', s)) - s.count('்')
```

ஓட்டுவதற்கு முன் "18%" என்பதைப் "பதினெட்டு பர்சன்ட்" என்றும், ஆங்கில எழுத்தில் வந்த சொற்களைத் தமிழ் எழுத்திலும் மாற்றணும். வரிப் பாடத்தில் எண்கள் நிறைய வரும். இதைச் செய்யாவிட்டால் எண் சொல்லும் இடமெல்லாம் மெதுவான இடமாகத் தெரியும்.

கோவைக்காரரே மீண்டும்: செய்தோம் மேடம். முதலாமவர் 3,300 அசை, இரண்டாமவர் 2,850. மௌன இடைவெளியைக் கூட்டினால் முதலாமவருக்கு 60 நொடி, இரண்டாமவருக்கு 150 நொடி.

இப்பத்தான் விஷயம் வெளியே வருது. 600 நொடியால் வகுத்தால் 5.5-ம் 4.75-ம் வரும், இரண்டாமவர் மெதுவானவர் என்று தோன்றும். மௌனத்தைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்க. 3,300-ஐ 540 நொடியால் வகுத்தால் 6.1. 2,850-ஐ 450 நொடியால் வகுத்தால் 6.3. வாய் திறந்திருக்கும் நேரத்தில் அவர் முதலாமவரைவிட ஒரு துளி வேகம்தான். வித்தியாசம் அவர் நிறுத்துவதில் இருக்கு.

இடைவெளியை எப்படி எடுத்தீங்க என்று சொல்லவில்லை. எழுத்துப்படியின் நேரக்குறியிலிருந்து எடுத்திருந்தால் திரும்ப அளங்க. அதில் முந்தைய சொல்லின் முடிவு நேரம் நீண்டு இடைவெளியைத் தின்றுவிடும். ஒலியிலிருந்தே எடுப்பதுதான் நம்பகமானது. பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் `To TextGrid (silences)...` இருக்கு. அதில் குறைந்தபட்ச மௌனம் 0.1 நொடி என்றே வரும், 0.25 ஆக்குங்க. இல்லாவிட்டால் "கட்டணும்", "பக்கம்" என்று சொல்லும்போது "ட்ட", "க்க"-வில் ஒலி அறுபடுவதையும் இடைவெளியாக எண்ணிவிடும்.

பிறகு நிரப்புச் சொல் எங்கே விழுகிறது என்று குறிங்க. கீழே இருப்பது மாதிரிக்கு நான் எழுதியது:

"இந்த மாசம் கட்ட வேண்டிய, ம், வரியில, போன மாச, ஆ, கிரெடிட்டக் கழிச்சிட்டு..."

"போன மாச கிரெடிட்டக் கழிச்சாச்சு. [1.2 நொடி] இப்ப பாத்தீங்கன்னா, மிச்சம் எவ்வளவு?"

முதல் வரியில் தடுமாற்றம் "போன மாச கிரெடிட்" என்ற தொடரையே உடைக்கிறது. கேட்கிறவர் பாதிப் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கணும். இரண்டாவதில் கணக்கின் ஒரு படி முடிந்து, நிறுத்தி, அடுத்த படியின் வாசலில் அந்தச் சொல் வருகிறது. எண்ணிக்கையில் இரண்டும் "நிரப்புச் சொல்"தான். உள்ளே விழுந்தவை, இணைப்பில் விழுந்தவை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எண்ணுங்க. உங்கள் இரண்டாமவரின் 31-இல் பெரும்பகுதி இணைப்பில் இருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதுதான்.

ஒரு தாய், தஞ்சாவூர்: என் மகள் பேச்சுப் போட்டியில் "வந்து, வந்து" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இதை எண்ணிக் காட்டினால் நிறுத்திவிடுவாளா?

நிறுத்துவது வேறு வேலைம்மா, அதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. எண்ணுவதென்றால், தேடலில் கிடைக்கும் "வந்து" எல்லாவற்றையும் சேர்த்துவிடாதீங்க. "ஆடிட்டர் வந்து பாத்தாரு" என்பதில் அவர் நிஜமாகவே வந்திருக்கலாம். எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்க. பொருள் மாறாவிட்டால் நிரப்பு. "இது வந்து ரெண்டாவது படிவம்" என்பதில் அது எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சுட்டவும் செய்கிறது. அதை நான் தனிப் பத்தியில் போடுவேன். நிரப்பிலேயே சேர்ப்பவர்களும் உண்டு.

மொழியியல் ஆய்வு மாணவர், புதுச்சேரி: முதலில் "கவனம்" என்று எதை அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே? இரண்டு பேரை வைத்து எப்படிக் காரணம் சொல்வது? சுவையான இடத்தில் யாருமே நிறுத்தித்தான் பேசுவார்கள். இடைவெளி விளைவாகவும் இருக்கலாம்.

சரியான இடத்தில் பிடிச்சிருக்கீங்க. யூடியூபில் ஏற்றிய பாடமாக இருந்தால், பார்வையாளர்கள் எந்த நொடி வரை தங்கினார்கள் என்ற வளைகோடு சேனல் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும். பேச்சை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அசை வேகம், இடைவெளி, உள்ளே விழுந்த நிரப்பு ஆகியவற்றை அந்தக் கோட்டின் அருகில் வைக்கணும். கோடு சரியும் இடத்தை மட்டுமில்லாமல் அதற்கு முந்தைய துண்டையும் பாருங்க. யாரும் அலுத்த நொடியிலேயே எழுந்து போவதில்லை. திரையில் படிவத்தை நிரப்பிக் காட்டும்போது வரும் மௌனத்தைப் பேச்சிடைவெளியில் சேர்க்கக்கூடாது.

ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதைவிட, ஒரே ஆளின் நல்ல துண்டையும் சரிந்த துண்டையும் ஒப்பிடுவது மேல். குரல், முகம், அனுபவம் எல்லாம் அப்படியே இருக்குமே.

இடைவெளி காரணமா விளைவா என்பது எழுத்துப்படியில் தீராது. இரண்டாமவரின் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் போட்டு, `Truncate Silence` வழியாக இடைவெளிகளை எல்லாம் 0.3 நொடிக்குச் சுருக்கி ஒரு பிரதி எடுங்க. திரைப்பதிவு இருந்தால் படம் பிசகும், அதனால் ஒலியை மட்டும் கேட்க வைக்கணும். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு குழுவுக்கு மூலம், இன்னொரு குழுவுக்குச் சுருக்கியது. முடிந்ததும் இரண்டு குழுவுக்கும் கிரெடிட்டைக் கழிக்கும் ஒரே கணக்கைக் கொடுங்க. விடைகளில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இடைவெளியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் பாடத்தைப் படிப்படியாக வெட்டியிருக்கும் விதத்தைத்தான் அடுத்துப் பார்க்கணும்.