நேரம் வைத்தும் வாட்ஸ்அப் மாறவில்லை, ஏன்?

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் சூரியன் மறைந்ததும் டார்க் மோட் வருமாறு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் மட்டும் பகலிலும் கறுப்பாகவே இருக்கிறது. வங்கி ஆப் இரவிலும் வெள்ளைதான். சில நாள் மத்தியானமே போன் முழுக்கக் கறுத்துவிடுகிறது. இதற்கென்று ஸ்டோரில் கிடைக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா? விண்டோஸ் லேப்டாப்பில் நேரம் வைக்க இடமே காணோம்.

பதில்: முதலில், அந்த ஆப் வேண்டாம். நேரம் வைக்கும் வசதி 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11-இலிருந்து போனிலேயே இருக்கிறது. இன்னொரு ஆப்பின் நிறத்தை மாற்றும் உரிமை வெளி ஆப்களுக்குக் கிடையாது. ஆகவே அவற்றில் பல, திரைக்கு மேல் ஒரு கறுப்புப் படலத்தை விரித்துவிட்டு அதையே டார்க் மோட் என்று சொல்கின்றன. அதற்காக Accessibility அனுமதியையும் கேட்கும். பார்வைக் குறைபாடு போன்ற குறைபாடுகள் உள்ளவர்களுக்காக ஏற்பட்ட அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால் உங்கள் திரையில் ஓடுவதை எல்லாம் அந்த ஆப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்தலாம். வங்கி ஆப் இருக்கும் போனில் இதை அனுமதிக்கலாமா? ஏற்கெனவே போட்டிருந்தால் அனுமதியைத் திரும்பப் பெற்று, ஆப்பையும் நீக்கிவிடுங்கள். 'டார்க் வாட்ஸ்அப்' என்று லிங்க்கில் வரும் கோப்புகளையும் தொடவே தொடாதீர்கள்.

சரி, வாட்ஸ்அப் ஏன் அடம்பிடிக்கிறது? மாலையானதும் போன் 'இப்போது இருட்டு' என்று அறிவிக்கும், அவ்வளவுதான். அதைக் கேட்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு ஆப்பும் தானே முடிவுசெய்கிறது. என்றைக்கோ நீங்கள் வாட்ஸ்அப்புக்குள் போய் Dark என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அன்றிலிருந்து அது போன் சொல்வதைக் கேட்பதில்லை. Settings, Chats, Theme என்று போய் System default என மாற்றுங்கள். பகலில் இதைச் செய்தால் அந்த நொடியே திரை வெளுக்க வேண்டும். மற்ற ஆப்களிலும் இதே பெயரையோ இதைப் போன்ற பெயரையோ தேடுங்கள். ஒரு ஆப் இதை Display-இல் வைத்திருக்கும், இன்னொன்று Appearance-இல், மூன்றாவது கணக்கு விவரத்துக்குள் ஒளித்திருக்கும். எல்லோருக்கும் ஒரே இடம் என்று ஒரு விதி போட இத்தனை வருடம் போதவில்லையா?

வங்கி ஆப்புக்கு இருட்டு நிறத்தையே அதைச் செய்தவர்கள் எழுதவில்லை. உங்களால் செய்யக்கூடியது பெரிதாக எதுவும் இல்லை. Developer options-இல் வற்புறுத்திக் கறுப்பாக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து மறைந்துபோகலாம். பணம் அனுப்பும் திரையில் அந்தச் சோதனை கூடாது.

மத்தியானக் கறுப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை நேரக் கோளாறு என்று நினைத்து அட்டவணையையே அழித்துவிடுகிறார்கள். Battery Saver ஓடத் தொடங்கினால், பல போன்களில் ஆண்ட்ராய்டு டார்க் தீமைத் தானாகவே போட்டுவிடும், உங்கள் அட்டவணையைப் பார்க்காது. 20 சதவீதத்தில் சேவர் வருமாறு வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிற்பகல் 2 மணிக்குச் சார்ஜ் 20-ஐத் தொட்டால் திரை கறுக்கும். அப்போது Dark theme சுவிட்சைப் போய்ப் பாருங்கள், மங்கிக் கிடக்கும், தொட்டாலும் அசையாது. இதுதான் அடையாளம். சார்ஜில் செருகிப் பாருங்கள், அல்லது சேவரைக் கையால் அணையுங்கள். திரை வெளுத்துவிட்டால் அட்டவணையில் ஒரு குறையும் இல்லை. இது பிடிக்கவில்லை என்றால் சேவர் தானாக வருவதை நிறுத்திவிட்டு, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சேவர் ஓடாமலே நேரம் தப்பினால், லொகேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். லொகேஷன் இல்லாமல் உங்கள் ஊரின் அஸ்தமன நேரம் போனுக்குத் தெரியாது. அதைவிட மாலை 7 முதல் காலை 6 வரை என்று நீங்களே நேரம் குறித்துவிடுவது எளிது.

அப்புறம் லேப்டாப். விண்டோஸில் டார்க் மோட் வந்தது 2016-இல். நேரம் வைக்கும் வசதியை மட்டும் அதனுடைய Settings-இல் சேர்க்காமலே வருடக்கணக்கில் ஓட்டிவிட்டார்கள். மேக்கில் 2019-இலிருந்தே Auto உண்டு. இப்போது மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் PowerToys-இல் Light Switch என்று ஒன்று வந்திருக்கிறது. Microsoft Store-இலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் மேலே நிற்கும் விளம்பரத் தளங்களிலிருந்து வேண்டாம். குறித்த நேரமோ அஸ்தமனமோ, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் டாஸ்க்பார் முதலியவற்றுக்கு ஒன்று, ஆப்களுக்கு ஒன்று என இரண்டு தேர்வு இருக்கும். இரண்டையும் போடுங்கள். ஆப்களுக்கானதை விட்டுவிட்டால் டாஸ்க்பார் மட்டும் கறுத்து ஜன்னல்கள் வெள்ளையாகவே நிற்கும். இரண்டையும் போட்ட பிறகும் Control Panel மாதிரியான பழைய ஜன்னல்கள் வெள்ளையாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அவை இந்த அறிவிப்பைக் கேட்கப் பழகாதவை.