60 கடைகள் சொன்ன ‘ஆம்’: மீதி 180 கடைகளின் பதில் எங்கே?

கேள்வி: எங்கள் கடைவீதி வணிகர் சங்கத்தில் 240 கடைகள் உள்ளன. ஞாயிறு விடுமுறை விடலாமா என்று அறிய, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவம் அனுப்பினோம். ‘வாரம் முழுவதும் உழைக்கும் வணிகர்கள் குடும்பத்தோடு நேரம் செலவிட ஞாயிறு விடுமுறை அவசியம் என்பதை ஏற்கிறீர்களா?’ என்பதுதான் கேள்வி. 60 பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 48 பேர், அதாவது 80 சதவீதம், ‘ஆம்’ என்றார்கள். தேர்தல் கணிப்புகளில் கோடிக்கணக்கான வாக்காளர்களுக்குச் சில ஆயிரம் பேரைத்தானே கேட்கிறார்கள்? எங்களிடம் கால் பங்குக் கடைகளின் பதில் இருக்கிறது. இதை வைத்துத் தீர்மானம் போடலாமா?
— சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: போட வேண்டாம். 60-இல் 48 என்பது 80 சதவீதம்தான். ஆனால் அது பதில் அனுப்பியவர்களின் 80 சதவீதம். பதில் அனுப்பாத 180 கடைகளில் ஒருவர்கூட ‘ஆம்’ சொல்ல மாட்டார் என்று வைத்துக்கொண்டால், 240-இல் 48, வெறும் 20 சதவீதம். அந்த 180 பேரும் ‘ஆம்’ என்பார்கள் என்றால் 95 சதவீதம். உங்கள் படிவம் உறுதியாகச் சொல்வது, ஆதரவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதை மட்டுமே. படிவம் அனுப்பாமலே ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கலாம்.

தேர்தல் கணிப்போடு நீங்கள் செய்யும் ஒப்பீட்டில்தான் சிக்கல். ஒழுங்காக நடத்தப்படும் கணிப்பில், யாரைக் கேட்பது என்பதைக் கணிப்பு நடத்துபவர் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்கிறார். உங்கள் கணிப்பில் அந்த முடிவைப் பதில் அனுப்பியவர்களே எடுத்தார்கள். இந்தக் குறையை எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாது. அதற்கு 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலே சாட்சி.

லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்க வார இதழ் அந்த ஆண்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்பி வந்தன. உங்களைப் போலவே ஏறக்குறைய கால் பங்கு! முக்கிய வேட்பாளர்களான ரூஸ்வெல்ட், லாண்டன் இருவரை மட்டும் ஒப்பிட்டால் லாண்டனுக்கு 57 சதவீதம் என்று இதழ் கணித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளைப் பெற்று, 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்.

தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து முகவரி எடுத்ததால் வசதியானவர்கள் மட்டுமே பட்டியலில் இருந்தார்கள் என்றுதான் பல பாடப்புத்தகங்கள் காரணம் சொல்லும். அது பாதிக் கதை. தேர்தலுக்கு அடுத்த ஆண்டு காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், டைஜஸ்டின் சீட்டு உங்களுக்கு வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா என்று மக்களிடம் கேட்டுப் பதிவு செய்திருந்தது. அரசியல் அறிவியலாளர் பெவரில் ஸ்கொயர் 1988-இல் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தார். சீட்டு வந்தவர்களிலேயே பெரும்பான்மையோர் ரூஸ்வெல்ட்டின் ஆதரவாளர்கள். ஆனால் சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வம் லாண்டன் பக்கம்தான் அதிகம் இருந்தது. சீட்டு பெற்ற அனைவரும் பதில் போட்டிருந்தால், வசதியானவர்கள் நிறைந்த அந்தப் பட்டியலை வைத்தே, வெல்லப்போவது யார் என்பதையாவது இதழ் சரியாகச் சொல்லியிருக்கும். இதைத்தான் பதிலின்மைச் சார்பு என்கிறோம். பதில் சொல்லாதவர்கள் குறைவா அதிகமா என்பதைவிட, அவர்கள் பதில் சொன்னவர்களிடமிருந்து கருத்தில் வேறுபட்டவர்களா என்பதே முக்கியம்.

இதன் இன்னும் மோசமான வடிவம், ‘விரும்பியவர்கள் எழுதுங்கள்’ என்று பொதுவில் கேட்பது. ஆன் லாண்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் 1970-களில் தம் வாசகர்களிடம், மறுபடி வாழ வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளை பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். சுமார் பத்தாயிரம் பேர் எழுதினார்கள். 70 சதவீதம் பேர் ‘மாட்டோம்’ என்றார்கள். பின்னர் நியூஸ்டே நாளிதழ், சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த பெற்றோரிடம் இதையே கேட்டபோது 91 சதவீதம் பேர் ‘பெற்றுக்கொள்வோம்’ என்றார்கள். பிள்ளைகளால் மனம் நொந்தவருக்குக் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. நிம்மதியாக இருப்பவர் எதற்கு எழுதப்போகிறார்?

உங்கள் கடைவீதியில் இது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? ஊகிப்பதென்றால், மாற்றம் வேண்டும் என்பவர் படிவத்தைத் திறந்திருப்பார். இருப்பதே போதும் என்பவர் கடந்து போயிருப்பார். ஆள் வைத்து நடத்தும் பெரிய கடைக்காரருக்குக் கைபேசி பார்க்க நேரம் உண்டு. தனியாளாக நிற்கும் காய்கறிக் கடைக்காரருக்கு இல்லை. ஆனால் இது ஊகம்தான், எதிர்ப்பாளர்களே கொதித்துப்போய் முந்திக்கொண்டிருக்கவும் கூடும். சரிபார்க்கக் கைவசம் ஒரு வழி இருக்கிறது. படிவத்தின் விடைத்தாளில் ஒவ்வொரு பதிலும் வந்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். முதல் நாள் வந்தவற்றையும், நினைவூட்டிய பிறகு வந்தவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். தாமதமாகப் பதில் சொல்பவர்கள், சொல்லாதவர்களை ஓரளவு ஒத்திருப்பார்கள் என்பது இத்துறையில் பழகிய கணிப்பு. முன்பகுதியில் ‘ஆம்’ மிகுந்தும் பின்பகுதியில் குறைந்தும் இருந்தால், மீதி 180 கடைகளில் அது இன்னும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது அறிகுறி மட்டுமே. இதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

லாண்டர்ஸிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உறுப்பினர் பதிவேடு. படிவத்தில் பெயர் கேட்டிருந்தால், பதில் சொல்லாதவர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைத் தேடிப் போகலாம். ஆனால் போகும் முன் கேள்வியை மாற்றியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்டது ‘ஆம்’ என்ற விடையைக் கையில் திணிக்கும் கேள்வி.

அதில் உழைப்பு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது; இழக்கப்போகும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் மட்டும் இல்லை. ஒரு பக்கச் செலவைச் சொல்வதும் விடுவதும் விடையை எவ்வளவு மாற்றும்? இராக் போருக்கு முன், 2003-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டது. சதாம் உசேன் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர இராணுவ நடவடிக்கை எடுப்பதை 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ‘அமெரிக்கப் படையில் ஆயிரக்கணக்கானோர் பலியாக நேர்ந்தாலும்’ என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்துக் கேட்டபோது ஆதரவு 43-ஆக இறங்கியது. இரண்டுமே அந்த மக்களின் உண்மையான கருத்துதான். எந்தக் கேள்விக்கான கருத்து என்பதுதான் வேறு.

உங்கள் கேள்வியில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விடுமுறை கட்டாயமா, விரும்பினால் மட்டுமா? முழுநாளா, அரைநாளா? ‘ஆம்’ என்ற 48 பேரில் பலர், ‘பக்கத்துக் கடையும் மூடினால் நானும் மூடுவேன்’ என்ற பொருளில் சொல்லியிருக்கலாம். அதை எதிர்ப்பாகவும் கொள்ள முடியாது, ஆதரவாகவும் கொள்ள முடியாது.

பதற்றத்தில் எதிர்மறைக்கு மேல் எதிர்மறை வைத்து, ‘ஞாயிறு கடை திறக்கக் கூடாது என்பதை நீங்கள் ஏற்கவில்லையா?’ என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் என்ன எடுத்துக்கொள்வீர்கள்? 1992-இல் ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்காவில் கேட்ட கேள்வி இந்தக் குழியில் விழுந்தது. நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 சதவீதம் பேர் ‘சாத்தியம்’ என்றதாக வந்த முடிவு நாட்டையே அதிர வைத்தது. 1994-இல் அதே நிறுவனம் கேள்வியை எளிமையாக்கிக் கேட்டபோது அது ஏறக்குறைய ஒரு சதவீதமாகச் சுருங்கியது.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் கடைகளும் முழுநாள் மூட வேண்டும் என்று சங்கம் விதி வகுக்கலாம், அல்லது இப்போதுபோல் அவரவர் விருப்பத்துக்கு விடலாம். உங்களுக்கு எது வேண்டும்?’ விடைகள் மூன்று: எல்லாரும் மூடுவது, அவரவர் விருப்பம், இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் இரண்டின் வரிசையைப் பாதிச் சீட்டுகளில் மாற்றி அச்சிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு கடைக்காரர்களிடம் காட்டி, ‘இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி மாறியதால் பழைய 48-ஐப் புதிய கணக்கில் சேர்க்க முடியாது. ஆகவே முன்பு பதில் சொன்ன 60 பேரையும் மறுபடி கேட்க வேண்டும். மீதி 180-இல் ஒரு பகுதி போதும். பதில் தராதவர்களில் சிலரைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து நேரில் போய்க் கேட்கும் இந்த வழியை ஹேன்சன், ஹர்விட்ஸ் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1946-இல் வகுத்தார்கள். பதிவேட்டு வரிசையில் அந்த 180 கடைகளுக்கும் எண் இடுங்கள். 1 முதல் 5 வரை சீட்டுக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, அதிலிருந்து ஐந்தாவது ஐந்தாவது கடையாகக் குறியுங்கள். 36 கடைகள் கிடைக்கும். குறித்த கடை மூடியிருந்தால் வேறு வேளையில் மறுபடி போக வேண்டும். பக்கத்துக் கடையில் கேட்டு நிரப்பினால், எளிதில் அகப்படுபவர்களை மட்டும் கேட்ட பழைய தவறே திரும்பும். கல்லாவில் இருக்கும் பணியாளரின் பதிலும் உதவாது. உரிமையாளரின் பதில் வேண்டும். தலைவரோ நீங்களோ போகாதீர்கள், உங்கள் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லச் சிலர் தயங்குவார்கள். சங்கத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர், மடித்த சீட்டைப் பெட்டியில் போடச் சொல்லி வாங்கி வரட்டும். 60 பேருக்கான பெட்டியும் 36 பேருக்கான பெட்டியும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

எண்ணும் முறைக்குக் கற்பனையாக ஒரு கணக்கு. அந்த 60 பேரில் இம்முறை 39 பேர் ‘எல்லாரும் மூடுவது’ என்கிறார்கள். அதே ஆட்களிடம் 80 சதவீதம் 65-ஆகக் குறைந்தது கேள்வி மாறியதன் விளைவு. 36 கடைகளில் 13 பேர் அப்படிச் சொல்கிறார்கள். இந்த 36-இல் ஒவ்வொரு கடையும் ஐந்து கடைகளுக்காகப் பேசுகிறது. எனவே 13-ஐ ஐந்தால் பெருக்கினால் 65. மொத்தம் 39-உம் 65-உம் சேர்ந்து 104. 240-இல் சுமார் 43 சதவீதம். 36 பேரை மட்டும் கேட்டதால் ஏறக்குறைய 25 கடைகள் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது உண்மையான ஆதரவு 33-க்கும் 54-க்கும் இடையில்.

இப்படி வந்தால் 80 சதவீத ஆதரவு இல்லை என்பது உறுதி, பெரும்பான்மை உண்டா என்பது மட்டும் தெரியாது. அப்போது மீதி 144 கடைகளுக்கும் பெட்டியை எடுத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே வீதி என்பதால் சில நாள் வேலைதான். பொதுக்குழுவைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லலாமே என்று யாராவது சொல்வார்கள். கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள் மட்டுமே அங்கே கை தூக்குவார்கள்.