ஒரே பஞ்சம், ஒரே சம்பளம், வந்தவன் மட்டும் ஏன் நான்?

கேள்வி: ஊரில் மழையில்லை, வேலையில்லை என்பது தள்ளும் காரணி, வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்பது இழுக்கும் காரணி என்று படித்திருக்கிறேன். இதை வைத்து யார் கிளம்புவார்கள் என்று சொல்ல முடியுமா?

முடியாது. என் தெருவையே சொல்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமி. 2012இல் மழை பொய்த்தது. எங்கள் தெருவில் ஒரே வயசில் மூன்று பேர். ஒருவன் வீட்டில் பம்புசெட்டும் பத்து ஏக்கரும் இருந்தன. எங்களுக்கு ஒரு ஏக்கர். மூன்றாமவனுக்குக் கூலி வேலைதான். பஞ்சத்தில் அதிகம் அடிபட்டவன் அவன்தான். பாடப் புத்தகப்படி முதல் ஆளாகச் சிங்கப்பூர் வந்திருக்க வேண்டும். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். நான்தான் இங்கே வந்தேன்.

காரணம் எளிது. கட்டுமான வேலைக்கு இங்கே வர, முதலில் ஊரில் ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்யணும். அந்தப் பயிற்சி, ஏஜெண்ட் காசு எல்லாம் சேர்த்து எனக்கு மூன்று லட்சம் ஆனது. நிலத்தையும் அம்மா நகையையும் அடகு வைத்தோம். இங்கே வந்ததும் அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 சிங்கப்பூர் வெள்ளி. ஓவர்டைம் பார்த்தும் முதல் ஒரு வருஷம் கடனுக்கே போனது. அடகு வைக்க எதுவும் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது. பம்புசெட்டுக்காரனுக்கு அதைத் தட்ட அவசியமில்லை.

ஒரு ஏக்கர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. கண்மாய்க்கு அந்தக் கரையில் உள்ள ஊரிலும் அதே வறட்சிதான். அங்கிருந்து இங்கே ஒருத்தர்கூடக் கிடையாது, எல்லாரும் கேரளாவுக்குப் போகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து 90களிலேயே என் மாமா இங்கே கப்பல் பட்டறைக்கு வந்துவிட்டார். எந்த ஏஜெண்ட் காசை வாங்கிக்கொண்டு ஓடமாட்டான், எந்த முதலாளி ஓவர்டைம் காசை ஒழுங்காகக் கொடுப்பார் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். டார்மிட்டரியில் என் அறையில் பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பேர் எங்கள் ஊர்ச் சுற்று வட்டாரம். ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடும் தேக்கா பக்கம் போனால் மீதிப் பேரையும் பார்த்துவிடலாம்.

அக்காவை மறந்துவிட்டேன் பாருங்கள். அவளுக்கும் அதே பஞ்சம்தான். ஆனால் கட்டட வேலை பெர்மிட்டில் வருகிறவர்கள் அநேகமாக எல்லாரும் ஆம்பளைகள். வட்டி கட்டவும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவும் அவள் ஊரில் இருந்ததால்தான் நான் கிளம்பவே முடிந்தது.

இந்தத் தள்ளும், இழுக்கும் காரணிகளைப் பற்றி 1966இல் எழுதிய இடப்பெயர்வு ஆய்வாளர் எவரெட் லீ, இரண்டு ஊர்களுக்கும் நடுவே தடைகள் உண்டு, ஆளுக்கு ஆள் நிலைமை மாறும் என்றும் சேர்த்தே எழுதினார். பள்ளிக்கூடத்தில் பாதியை உதறிவிட்டார்கள்.

அந்தக் கூலிக்காரன் வீட்டிலிருந்தும் கடைசியில் ஒருவன் வந்தான். அவன் தம்பி, 2022 தொடக்கத்தில். திருப்பூரில் அண்ணன் ஒன்பது வருஷம் சேர்த்த காசு, ஏஜெண்ட் நான் கைகாட்டியவர். அவன் விமானம் ஏறியபோது ஊரில் கண்மாய் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது.