தக்காளி ரசத்தை ஜெர்மனில் எழுதும்போது

கேள்வி: அம்மா எழுதிக் கொடுத்த தக்காளி ரசக் குறிப்பை ஜெர்மனில் மொழிபெயர்க்க வேண்டும். ‘நெல்லிக்காய் அளவு புளி’, ‘தாளிக்கவும்’ இதற்கெல்லாம் என்ன எழுதுவது?

பதில்:

முதலில் ‘நறுக்கவும்’, ‘இறக்கவும்’ என்பதில் உள்ள ‘-வும்’மை மறந்துவிடுங்கள். ஜெர்மன் சமையல் குறிப்பு பெரும்பாலும் யாரையும் ஏவாது. அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே வினையைக் கடைசியில் வைக்கும்: ‘டொமாட்டென் க்ளைன் ஷ்னைடென்’, அதாவது தக்காளியைப் பொடியாக நறுக்க. வினை கடைசியில் வருவதால் நம் வாக்கிய வரிசையே பெரும்பாலும் பொருந்திவிடும். ‘ட்சூகேபென்’ (சேர்) போன்ற வினைகளும் இதில் உடையாமல் நிற்கும். ஏவலாக எழுதினால் ‘ட்சூ’ பிரிந்து வாக்கியக் கடைசிக்கு ஓடிவிடும். பலர் தடுமாறுவது அங்கேதான்.

நெல்லிக்காயை அப்படியே மொழிபெயர்த்துப் பயனில்லை. அம்மா எடுக்கும் புளியை ஒருமுறை எடை போடுங்கள். கொட்டை நீக்கியது 15 கிராம் வந்தால் அதையே எழுதி, 250 மில்லி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்பதையும் சேருங்கள். கட்டிப் புளி என்றும் குறிப்பிடுங்கள். பாட்டிலில் வரும் புளி விழுதை அதே எடையில் போட்டால் ரசத்தை வாயில் வைக்க முடியாமல் போகலாம். கரண்டி அளவுகளில் தேக்கரண்டிக்கு TL என்று எழுதுவார்கள், அது 5 மில்லி; மேசைக்கரண்டிக்கு EL, அது 15 மில்லி. பெருங்காயத்துக்கு அவர்களிடமே அழகான சொல் இருக்கிறது: ‘மெஸ்ஸர்ஷ்பிட்ஸ’, அதாவது கத்தி முனையில் நிற்கும் அளவு.

சீரகத்தில் கவனம். ‘க்யூம்மெல்’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் போடுவது ரொட்டியிலும் முட்டைகோஸிலும் சேர்க்கிற வேறொரு விதை. வாசனையே மாறிவிடும். சீரகத்துக்கு ‘க்ரொய்ட்ஸ்க்யூம்மெல்’ என்று முழுசாக எழுத வேண்டும்.

தாளிப்புக்கு ஒற்றைச் சொல் கிடையாது. ‘அன்பிராட்டென்’ என்று போட்டால் வெங்காயம் வதக்குவது போலக் கடுகைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கடுகு வெடிக்க வேண்டும் என்பதே தெரியாது. அதனால் செயலைப் பிரித்து எழுதுங்கள்: சிறு வாணலியில் 1 EL எண்ணெயைச் சூடாக்கி, கடுகைப் போட்டு, மூடியால் மூட. படபடப்பு அடங்கத் தொடங்கியதும் சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை சேர்க்க. பத்து நொடியில் ரசத்தில் கொட்ட. மூடியைக் குறிப்பில் விட்டுவிட்டால் அடுப்பெல்லாம் கடுகுதான். நாம் காதால் அறிவதை அவர்களுக்கு எழுதித்தான் காட்ட வேண்டும்.

கடைசியில் ‘நுரை கட்டியதும் இறக்கவும்’ வரும். அகராதியில் நுரையைத் தேடினால் ‘அப்ஷொய்மென்’ கண்ணில் படும். அதற்கு நுரையை எடுத்து எறிவது என்று பொருள், சூப்புக்கு எலும்பு வேகும்போது செய்வார்களே, அது. ரசத்தில் அப்படிச் செய்தால் மணமும் கரண்டியோடு போகும். ‘நுரை எழும்பியதும், கொதிக்குமுன் அடுப்பிலிருந்து எடுக்க, நுரையை அகற்றாமல்’ என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.